‘பொறுப்பில்லை’ என்று எழுதாதீர்கள், 37 ஆம் நம்பர் பெட்டியை எழுதுங்கள்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் பேக்கிங் இன்சார்ஜாக இருக்கிறேன். என் கீழே 14 பேர். அதில் ஒரு செக்கர், ஆறு வருஷமாக வேலை பார்ப்பவர், நல்ல பையன். இரண்டு மாதமாக அவர் பார்த்த பெட்டிகளில் சைஸ் மாறிப் போகிறது. மூன்று தடவை உட்காரவைத்துப் பேசிவிட்டேன், கடைசியாக ஜூன் 11 ஆம் தேதி. பேசியதையெல்லாம் தேதி போட்டு எழுதிக் கொடுங்கள் என்று எச்.ஆரில் கேட்டார்கள். கொடுத்தேன், ‘இது குறிப்பே இல்லை’ என்று திருப்பிவிட்டார்கள். நான் எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் இரண்டு பேச்சுக்கும் தேதி ஞாபகம் இல்லை. எழுதிவைத்தால் அவருக்கு வினையாகிவிடுமோ என்றும் மனசு அடித்துக்கொள்கிறது. எப்படி எழுதுவது?

பதில்:

நீங்கள் வைத்திருந்த தாளில் மொத்தம் நான்கு வரி. “மேற்படியார் சமீப காலமாகப் பொறுப்பில்லாமல் நடந்துகொள்கிறார். அடிக்கடி தவறு செய்கிறார். பலமுறை எச்சரித்தும் திருந்தவில்லை. தன் தவறை ஒப்புக்கொண்டார்.” இதைப் படித்துவிட்டுத்தான் உங்களுக்குப் போன் பண்ணினேன், ஏனென்றால் என்ன நடந்தது என்பது இந்த நான்கு வரியில் எங்குமே இல்லை. அட்டைப்பெட்டி என்ற வார்த்தைகூட இல்லை. விவரம் தெரியாத ஒருவர் படித்தால் இவர் தினமும் லேட்டாக வருகிறார் என்று நினைக்கலாம், குடித்துவிட்டு வந்தார் என்றும் நினைக்கலாம். ஆனால் போனில் நீங்கள் பேச ஆரம்பித்ததும் பெட்டி நம்பர், பீஸ் கணக்கு, எத்தனை மணி, யார் எங்கே நின்றார்கள் எல்லாம் தானாக வந்துவிட்டது. எழுத உட்கார்ந்தால் மட்டும் அதெல்லாம் போய் ஆபீஸ் பாஷை வந்து உட்கார்ந்துகொள்கிறது. 22 வருஷமாக எச்.ஆர் வேலையில் இருக்கிறேன், நல்ல சூப்பர்வைசர்கள் பலரிடமும் இதைப் பார்த்துவிட்டேன். அதனால் நீங்கள் போனில் சொன்னதை வைத்தே, அதே குறிப்பை மறுபடி எழுதிக் காட்டுகிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்.

நடந்தது இதுதான். ஜூன் 9 திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஒரு ஆர்டர் பேக்கிங் ஆரம்பிக்கிறது, 60 பெட்டி, பெட்டிக்கு 24 பீஸ். ரேஷியோ ஸ்மால் 4, மீடியம் 8, லார்ஜ் 8, எக்ஸ்எல் 4. மறுநாள் பையரின் க்யூ.சி. ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்து சில பெட்டிகளைத் திறந்து பார்க்கிறார். 37லும் 41லும் மீடியம் 4, லார்ஜ் 12 இருக்கிறது. மொத்தம் 24 பீஸ் சரியாக இருந்ததால் எடை மெஷினும் பிடிக்கவில்லை. அன்றைக்கு 60 பெட்டியையும் பிரித்து எண்ண வேண்டியதாகிவிட்டது. ஆறு பேர், சாயங்காலம் ஆறரையிலிருந்து ஒன்பதரை வரைக்கும். மற்ற 58 பெட்டியும் சரி. ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டிய வண்டி பத்தேகாலுக்குக் கிளம்பியது. 37, 41 இரண்டுக்கும் டேலி ஷீட்டில் உங்கள் செக்கரின் கையெழுத்து இருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு உங்கள் நான்கு வரியையும் திரும்பப் பாருங்கள். ‘பொறுப்பில்லாமல்’ என்பது நீங்கள் பார்த்த ஒன்று இல்லை, பார்த்ததிலிருந்து நீங்களாக வந்து சேர்ந்த முடிவு. நீங்கள் பார்த்தது இரண்டு பெட்டியில் மாறிப்போன நான்கு நான்கு பீஸ், அப்புறம் டேலி ஷீட்டில் ஒரு கையெழுத்து. அதை மட்டும் எழுதினால் போதும், படிக்கிறவர் தன் முடிவுக்குத் தானே வருவார், அது உங்கள் முடிவாகவே இருந்தாலும். ‘அடிக்கடி’ என்று எழுதினால் எத்தனை தடவை என்று யாராவது ஒரு நாள் கேட்பார்கள். இரண்டு மாதத்தில் மூன்று தடவை என்பதுதான் பதில் என்றால், அதையே எழுதிவிடலாம். ‘பலமுறை எச்சரித்தும்’ என்பதில்தான் எனக்கு உண்மையான வருத்தம். எச்சரிக்கை என்றால் ஃபேக்டரியில் அதற்கு ஒரு தனி அர்த்தம் உண்டு, மெமோ, விளக்கம், கையெழுத்து என்று போகும். நீங்கள் செய்தது எச்சரிக்கை கிடையாது, டீ வாங்கிக்கொடுத்து உட்காரவைத்து என்னப்பா பிரச்சனை என்று கேட்டீர்கள். நீங்களே என்னிடம் அப்படித்தான் சொன்னீர்கள். நல்லபடியாகப் பேசிய பேச்சைத் தாளில் எச்சரிக்கையாக மாற்றுவது அந்தப் பையனுக்குச் செய்கிற அநியாயம், தெரியாமல் செய்தாலும்.

நான்காவது வரி, ‘ஒப்புக்கொண்டார்’. சரி, அவர் வாயிலிருந்து என்ன வந்தது என்று உங்களிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவர் சொன்னபடியே சொன்னீர்கள்: “ஏழு மணிக்கு மேல எண்ணாம கையெழுத்துப் போட்டுட்டேனுங்ண்ணா. புது ரேஷியோ எங்கயும் ஒட்டலீங்க, டேபிள்ல இருந்தது பழைய ஆர்டர் சீட்டு.” இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. எண்ணாமல் கையெழுத்துப் போட்டது அவருடையது, அதை அவர் மறைக்கவில்லை. ரேஷியோ சீட்டு ஒட்டாதது யாருடையது? அந்த ரேஷியோ அன்று ஐந்து மணிக்கு மெர்ச்சண்டைசரிடமிருந்து உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்தது, நீங்கள் வாயால் சொல்லிவிட்டுப் போனீர்கள். டேபிளில் ஒட்டியிருந்தது அதற்கு முந்தைய ஆர்டரின் சீட்டு, அதில் 4, 4, 12, 4. அதாவது 37, 41 பெட்டிகளுக்குள் இருந்தது அப்படியே பழைய சீட்டின் கணக்கு. போதாததற்கு மே மாதத்திலிருந்து இரண்டாவது செக்கரை வேறு லைனுக்கு மாற்றிவிட்டீர்கள், ஒருவர் எண்ணி மற்றவர் ஒட்டுகிற வழக்கமே நின்றுவிட்டது. ‘தன் தவறை ஒப்புக்கொண்டார்’ என்ற ஒரு வரி இத்தனையையும் விழுங்கிவிடுகிறது. உங்களை அறியாமலேயே உங்கள் பங்கை அந்த வரிக்குள் மறைத்துவிட்டீர்கள். எழுதுகிற பேனா உங்கள் கையில் இருப்பதால் இது எல்லோருக்கும் நடக்கும். அதனால் குறிப்பு எழுதும்போது நான் சூப்பர்வைசர்களிடம் கட்டாயமாகக் கேட்பது இரண்டு: அவர் சொன்ன காரணம் அவர் வார்த்தையில் வேண்டும், நீங்கள் செய்வதாகச் சொன்னது தேதியோடு வேண்டும்.

போனில் பேசிய மறுநாள், அதாவது சனிக்கிழமை, நீங்கள் எழுதி அனுப்பிய இரண்டாவது பிரதியை நான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கிறேன். இப்படி இருக்கட்டும்:

“பேசிய நாள்: 11-06-2025, புதன், காலை 9.40 முதல் 10.05 வரை, பேக்கிங் ஆபீஸ் அறை. நானும் அவரும் மட்டும். எழுதிய நாள்: 14-06-2025, சனி.

நடந்தது: 10-06-2025 ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் 60 பெட்டி ஆர்டரில் 37, 41 ஆகிய இரண்டு பெட்டிகளில் மீடியம் 8க்குப் பதில் 4, லார்ஜ் 8க்குப் பதில் 12 இருந்தது. 09-06-2025 டேலி ஷீட்டில் இரண்டுக்கும் அவர் கையெழுத்து உள்ளது. 60 பெட்டியும் பிரித்து எண்ணப்பட்டது, மற்ற 58 சரி. வண்டி மூன்றேகால் மணி நேரம் தாமதம்.

அவர் சொன்னது: ‘ஏழு மணிக்கு மேல எண்ணாம கையெழுத்துப் போட்டுட்டேனுங்ண்ணா. புது ரேஷியோ எங்கயும் ஒட்டலீங்க, டேபிள்ல இருந்தது பழைய ஆர்டர் சீட்டு.’ நான் பார்த்தபோது டேபிளில் பழைய சீட்டு இருந்தது உண்மை. புது ரேஷியோவை நான் வாயால் மட்டும் சொல்லியிருந்தேன்.

பேசி முடிவானது: டேப் ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு பெட்டியையும் சைஸ் வாரியாக எண்ணி, டேலி ஷீட்டில் நான்கு சைஸ் எண்ணிக்கையையும் எழுதிக் கையெழுத்துப் போடுவதாக அவர் சொன்னார். ஆர்டர் மாறும்போது பழைய சீட்டை எடுத்துவிட்டுப் புது சீட்டை நானே ஒட்டுவதாகச் சொன்னேன், 12-06 முதல். இரண்டாவது செக்கரைத் திருப்பித் தர முடியுமா என்று 16-06க்குள் புரொடக்‌ஷன் மேனேஜரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். சொந்தக் காரணம் ஒன்றைச் சொல்லி இரண்டு வாரம் ஓவர்டைம் வேண்டாம் என்று கேட்டார், சரி என்றேன்.

மறுபடி பார்க்கும் நாள்: 25-06-2025, புதன்.”

நீளமாகத் தெரியலாம், ஆனால் ஒரு பக்கத்துக்குள் அடங்கும், எழுத கால் மணி நேரம் போதும். இதில் திட்டு இல்லை, பாராட்டும் இல்லை. 58 பெட்டி சரியாக இருந்தது என்ற வரி உங்கள் முதல் தாளில் இல்லாதது. அதை நான் கேட்டுத்தான் சொன்னீர்கள். அது இல்லாமல் இரண்டு பெட்டியை மட்டும் எழுதினால் எழுதியது அத்தனையும் உண்மையாக இருந்தும் படிப்பவருக்குத் தப்பான படம்தான் போய்ச் சேரும். ‘நான் பார்த்தபோது டேபிளில் பழைய சீட்டு இருந்தது உண்மை’ என்பதும் அதே மாதிரிதான். அவர் சொன்னதை எழுதிவிட்டு அதை நீங்கள் சரிபார்த்தீர்களா இல்லையா என்று சொல்லாமல் விட்டால், அது சும்மா ஒரு சாக்கு மாதிரி தாளில் கிடக்கும்.

அவர் பேச்சை அவர் தமிழிலேயே எழுதச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் கம்பெனி ஃபார்ம் இங்கிலீஷில் இருக்கிறது என்றீர்கள். ‘எண்ணாம கையெழுத்துப் போட்டுட்டேனுங்ண்ணா’ என்பதை அந்தக் கட்டத்துக்குள் யாராவது இங்கிலீஷில் திருப்பினால் பெரும்பாலும் ‘அலட்சியத்தை ஒத்துக்கொண்டார்’ என்ற அர்த்தத்தில்தான் போய் நிற்கும், நான் எத்தனையோ ஃபைலில் பார்த்துவிட்டேன். அலட்சியம் என்பது நிலையாணைகளில், அதாவது ஃபேக்டரியின் வேலை விதிகளில், தனியாகப் பெயர் சொல்லி வைத்திருக்கிற ஒரு குற்றம். பையன் சொன்னது ஒரு வாக்கியம், தாளில் ஏறியது ஒரு குற்றச்சாட்டு. அதுவும் அவர் படித்துப் புரிந்துகொள்ள முடியாத பாஷையில். 1946 ஆம் வருஷத்து நிலையாணைச் சட்டமே, நிலையாணைகளை இங்கிலீஷிலும் தொழிலாளர்களில் பெரும்பான்மையோருக்குப் புரிகிற பாஷையிலும் வாசலருகே ஒட்டச் சொன்னது. விதிக்கே அப்படி என்றால், ஒருவரைப் பற்றி எழுதுகிற தாள் அவருக்குப் புரிகிற பாஷையில் இருக்க வேண்டாமா? எச்.ஆரிடம் பேசுங்கள், ஃபார்மின் பின்பக்கத்தில் தமிழில் எழுதிக்கொள்ள பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

‘சொந்தக் காரணம்’ என்று மட்டும் எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், ராத்திரி அவர்தான் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறார் என்று உங்களை நம்பிச் சொல்லியிருக்கிறார். அது உங்களோடு இருக்கட்டும். வேலைக்கு வேண்டியது அவர் என்ன கேட்டார், நீங்கள் என்ன ஒத்துக்கொண்டீர்கள் என்ற இரண்டும்தான். நோய், வீட்டுச் சண்டை, கடன் என்று காரணத்தை விலாவாரியாக எழுதிவைத்தால், அந்த ஃபைலை மூன்று வருஷம் கழித்து வேறு யாரோ பிரித்து, இவருக்கு வீட்டில் பிரச்சனை அதிகம், புரமோஷன் வேண்டாம் என்று சொல்ல வழியாகிவிடும். அதே சமயம் ‘சொந்தக் காரணம்’ என்ற வார்த்தையையே விட்டுவிடாதீர்கள், அவர் உதவி கேட்டார் என்பதற்கும் நீங்கள் கொடுத்தீர்கள் என்பதற்கும் அதுதான் சாட்சி.

அடுத்து, இந்தத் தாளை அவரிடம் காட்ட வேண்டும். திங்கட்கிழமையே காட்டுங்கள். படிக்கச் சொல்லி, அல்லது நீங்களே படித்துக் காட்டி, விட்டுப்போனது ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அவர் கையாலேயே கீழே எழுதட்டும். கையெழுத்து வாங்கும்போது ‘படித்தேன், நகல் வாங்கிக்கொண்டேன்’ என்று மட்டும் இருக்கட்டும், ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று எழுதி வாங்காதீர்கள். மேனேஜர் முன்னால் நிற்கிற ஒருவர் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவார், அதற்கு மதிப்பு கிடையாது. போட மாட்டேன் என்றாலும் கோபப்பட ஒன்றுமில்லை, ‘16-06 அன்று படித்துக் காட்டினேன், கையெழுத்துப் போட விரும்பவில்லை’ என்று எழுதினால் போதும், ஏன் என்று நீங்களாக ஊகித்து எழுத வேண்டாம். ஒரு விஷயம் சொல்கிறேன். அவரிடம் காட்டப்போகிறோம் என்று தெரிந்து எழுதும்போது கையே மாறிவிடும். உங்கள் முதல் தாளை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல உங்களால் முடிந்திருக்குமா என்று போனில் கேட்டேன், நீங்கள் பதில் சொல்லவில்லை.

இப்போது அந்தத் தேதி ஞாபகம் இல்லாத இரண்டு பேச்சு. ஞாபகத்திலிருந்து ஒரு தேதியைப் போட்டுவிடலாம் என்று தோன்றும், தயவுசெய்து வேண்டாம். பல வருஷம் முன்னால் நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் ஒரு ஆபரேட்டர் மேல் உள்விசாரணை நடந்தது. சூப்பர்வைசர் மூன்று குறிப்பு கொண்டுவந்தார், மூன்றும் அழகாக, தேதி போட்டு, ஒரே பேனாவில் ஒரே மாதிரி எழுதியிருந்தது. அந்த ஆபரேட்டர் இரண்டாவதை எடுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார், “ஜனவரி 16 பொங்கல் லீவுங்க, நான் ஊர்ல இருந்தேன்.” அன்றைக்கு ஃபேக்டரி கேட்டே திறக்கவில்லை. அந்தச் சூப்பர்வைசர் பொய் சொல்கிற ஆள் இல்லை, பேச்சு உண்மையாகவே நடந்திருந்தது, ஜனவரி நடுவில் என்று ஞாபகம் வைத்து ஒரு தேதியை எழுதிவிட்டார். ஆனால் அதற்கப்புறம் மற்ற இரண்டு குறிப்பையும் யாரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. எனக்கு இன்னும் உறுத்துவது, அந்த மூன்றையும் எச்.ஆர் பக்கத்தில் வாங்கி ஃபைல் பண்ணியது நான்தான், காலண்டரை ஒரு தடவை புரட்டிப் பார்த்திருக்கலாம்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, இரண்டையும் இன்றைய தேதி போட்டு, ஞாபகத்திலிருந்து எழுதுவது என்று சொல்லியே எழுதுவது. தேதிக்குப் பதில் எதையாவது பிடித்துக்கொள்ளலாம். முதல் தடவை ஸ்டிக்கர் மாறியது ஒரு ஷிப்மென்ட் சமயம் என்றீர்கள், அந்த ஷிப்மென்ட்டின் கேட் பாஸில் தேதி இருக்கும். இரண்டாவது தடவை பாலிபேக்கில் சைஸ் ஸ்டிக்கர் விட்டுப்போனபோது ரீவொர்க் ரிஜிஸ்டரில் எழுதினீர்கள். அப்படியானால் ‘ரீவொர்க் ரிஜிஸ்டரில் இன்ன தேதியில் பதிவு உள்ளது, அதிலிருந்து இரண்டு மூன்று நாளுக்குள் பேசினேன், சரியான நாள் நினைவில்லை, என்ன பேசினோம் என்பதில் இது மட்டும் நினைவிருக்கிறது’ என்று எழுதலாம். கேட் பாஸும் ரிஜிஸ்டரும் எதுவும் சொல்லவில்லை என்றால் ‘ஏப்ரல் கடைசி வாரம் போல’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இப்படி எழுதினால் பலவீனமாகத் தெரியுமே என்று கேட்டீர்கள். தெரியட்டும், அந்த இரண்டு பேச்சுக்கும் உள்ள பலம் அவ்வளவுதான். அவற்றில் அவர் என்ன காரணம் சொன்னார் என்பது உங்களுக்கே மறந்துவிட்டது, அப்படியிருக்க அதை அவருக்கு எதிராக முழு எடையோடு வைக்கக் கூடாது.

மறதியைப் பற்றி ஒரு பழைய ஆய்வு உண்டு. ஜான் ஃப்ளானகன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954ல் எழுதியது. ஜெனரல் மோட்டார்ஸின் ஒரு பிரிவில் ஃபோர்மேன்களை மூன்று குழுவாகப் பிரித்து, தொழிலாளர் வேலையில் கவனிக்கத்தக்கதாக நடப்பதை ஒரு குழு தினமும், இன்னொன்று வாரம் ஒருமுறை, மூன்றாவது இரண்டு வாரம் கழித்து எழுத வேண்டும் என்று வைத்தார்கள். வாரம் ஒருமுறை எழுதியவர்களிடம் வந்தது தினமும் எழுதியவர்கள் கொடுத்ததில் கிட்டத்தட்ட பாதி. இரண்டு வாரம் கழித்து எழுதியவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு. இந்தச் சரிவை நான் என் வேலையிலும் பார்க்கிறேன், இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கிறேன்: மீதி நிற்கிற ஐந்தில் ஒன்று பெரும்பாலும் நமக்குக் கோபம் வந்த சம்பவமாகவே இருக்கும். அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாள் டீ டைமுக்குள் எழுதச் சொல்வது இதனால்தான்.

உங்கள் கீழே 14 பேர் இருக்கிறார்கள், மற்ற 13 பேருக்கு எத்தனை குறிப்பு எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டபோது, ஒன்றும் இல்லை என்றீர்கள். கூடவே ஜனவரியில் இன்னொரு செக்கர் இதே மாதிரி ஒரு பெட்டியில் கலர் மாற்றி வைத்ததையும், சிரித்துக்கொண்டே விட்டுவிட்டதையும் சொன்னீர்கள். இவருடைய ஃபைலில் இருக்கிற ஒவ்வொரு குறிப்பும் அட்சரம் பிசகாமல் உண்மையாக இருந்தாலும், இவருக்கு மட்டும்தான் ஃபைல் என்றால் அது நியாயமான பதிவு ஆகாது. ஜனவரி சம்பவத்தை இப்போது தோண்டி எழுதச் சொல்லவில்லை. இனிமேல் பெட்டி மாறினால் யார் கை பட்டிருந்தாலும் இதே தாள், இதே கேள்விகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்லது நடந்தாலும் தேதி போட்டு ஒரு வரி எழுதுங்கள். போன வருஷம் தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு பார்கோடு தப்பைப் பிடித்துக்கொடுத்ததே இவர்தான் என்று பேச்சுவாக்கில் சொன்னீர்கள். அது எங்கேயும் எழுதப்படவில்லை.

வினையாகிவிடுமா என்ற உங்கள் பயத்துக்கு மறைக்காமல் சொல்கிறேன். ஆகலாம். இந்தத் தாள் ஃபைலில் இருக்கிற வரைக்கும் என்றைக்காவது யாராவது எடுப்பார்கள். பெரிய தண்டனை எதையும் முடிவுசெய்யும்போது அந்த ஆளின் முந்தைய பதிவையும் பார்க்க வேண்டும் என்பது அரசு வகுத்த மாதிரி நிலையாணைகளிலேயே இருந்தது. அது இரண்டு பக்கமும் வெட்டும், நல்ல பதிவு இருந்தால் அதுவே அவரைக் காப்பாற்றும். ஆனால் பழையதைத் திடீரென்று எடுத்து ஆளுக்குத் தெரியாமல் எடை போடக் கூடாது. மைசூர் அரசுக்கும் மஞ்சே கவுடா என்ற அரசு ஊழியருக்கும் இடையிலான வழக்கில் 1963ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான், பழைய பதிவைத் தண்டனைக்குக் காரணமாக்குவதாக இருந்தால் அதை நோட்டீஸிலேயே சொல்லி அவர் பதில் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அது அரசு வேலைக்கான தீர்ப்பு என்றாலும் தனியார் கம்பெனியில் உள்விசாரணை நடத்துகிறவர்களும் இந்தப் பழக்கத்தை விடாமல் இருப்பது நல்லது. உங்கள் அளவில் செய்யக்கூடியது, தாளின் தலைப்பில் ‘வேலை குறித்த பேச்சு, எச்சரிக்கை அல்ல’ என்று எழுதிவிடுவது. ‘இனி இப்படி நடந்தால் கடும் நடவடிக்கை’ என்ற வரியை இதில் சேர்க்கச் சொன்னால் சேர்க்காதீர்கள். நடவடிக்கை எடுக்க எச்.ஆருக்குத் தோன்றினால் அதற்கு மெமோ தனியாகக் கொடுக்கட்டும், அவர் விளக்கம் எழுதட்டும், அது வேறு தாள். ஒரே தாளில் இரண்டையும் கலந்தால் நாளைக்கு உங்களிடம் யாரும் அம்மாவின் டயாலிசிஸைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள்.

எங்கே வைப்பது என்பதில் குழப்பம் வேண்டாம். எச்.ஆர் ஃபைலில் ஒன்று, அவரிடம் ஒரு நகல், அவ்வளவுதான். உங்கள் மேஜை டைரியில் தனியாக, காரசாரமாக இன்னொரு வடிவம் எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள், இரண்டும் முரண்பட்டால் இரண்டுமே போச்சு. செக்‌ஷன் வாட்ஸ்அப் குரூப்பில் பெட்டி ஃபோட்டோவைப் போட்டு அவர் பேரைச் சொல்வதும் வேண்டாம். 10 ஆம் தேதி ராத்திரி அப்படிப் போட்டிருக்கிறீர்கள், முதலில் அதை அழித்துவிட்டு அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

25 ஆம் தேதி கட்டாயம் உட்காருங்கள், நிறையப் பேர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள், தப்பு நடந்த நாள் ஃபைலில் இருக்கும், சரியான நாள் இருக்காது. அன்றைக்கு டேலி ஷீட்டை எடுத்துவைத்துக்கொண்டு பேசுங்கள். 12 முதல் 25 வரைக்கும் அவர் எத்தனை பெட்டி பார்த்தார், நான்கு சைஸும் எத்தனையில் எழுதியிருக்கிறார், இன்ஸ்பெக்‌ஷனில் எத்தனை மாறியது என்று எண்ணிக்கையாக எழுதுங்கள். உங்கள் பங்கையும் அதே மாதிரி எழுதுங்கள்: ஆர்டர் எத்தனை தடவை மாறியது, எத்தனை தடவை புது சீட்டு நேரத்துக்கு ஒட்டினீர்கள், 16 ஆம் தேதிக்குள் இரண்டாவது செக்கர் விஷயம் கேட்டீர்களா, என்ன பதில் வந்தது. நீங்கள் சீட்டு ஒட்டாத ஒரு நாளில்தான் பெட்டி மாறியிருக்கிறது என்று தெரிந்தால், அதுவும் அந்த வரியிலேயே வரட்டும். சீட்டும் இருந்து, இரண்டாவது ஆளும் இருந்து, அப்புறமும் எண்ணாமல் கையெழுத்துப் போட்டிருந்தால் அதை அப்படியே எழுதி எச்.ஆரிடம் கொடுங்கள், அப்போது தயங்க வேண்டாம். எல்லாம் சரியாகப் போயிருந்தால் ‘25-06-2025 அன்று பார்த்தோம், இத்தனை பெட்டியில் ஒன்றும் மாறவில்லை, இந்த விஷயம் முடிந்தது’ என்று எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, அதற்கும் அவருக்கு ஒரு நகல் கொடுத்துவிடுங்கள்.